தள்ளு, தளர்த்து, அப்புறம் நீட்டு

பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் பி.என்.எஃப். ஸ்ட்ரெச்சிங் பற்றி அனுப்பிய கேள்விகள் சேர்ந்துகொண்டே வந்தன. இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே.

கேள்வி: பி.என்.எஃப். முழுப்பெயரைச் சொன்னாலே நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. ஒரே வரியில் சொல்ல முடியுமா? (பிளஸ் டூ மாணவர், திண்டுக்கல்)

முடியும். எந்தத் தசையை நீட்ட வேண்டுமோ அதே தசையை முதலில் சில விநாடி இறுக்கச் செய்து, தளர்த்தி, பிறகு நீட்டுவது. அவ்வளவுதான்.

முழுப்பெயர் ப்ரொப்ரியோசெப்டிவ் நியூரோமஸ்குலர் ஃபெசிலிடேஷன். கண்ணை மூடிக்கொண்டாலும் உங்கள் முழங்கால் மடங்கியிருக்கிறதா, நீண்டிருக்கிறதா என்று உங்களுக்குத் தெரிகிறது அல்லவா? தசைக்குள்ளும் மூட்டைச் சுற்றியும் இருக்கிற உணர்விகள் அந்தச் செய்தியை இடைவிடாமல் மூளைக்கு அனுப்புகின்றன. அந்த உணர்விகளைப் பயன்படுத்தி நரம்பையும் தசையையும் நமக்குச் சாதகமாக இயங்க வைப்பதுதான் இந்த முறை.

கேள்வி: இது விளையாட்டு வீரர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதா? (பிளஸ் ஒன் மாணவி, கரூர்)

இல்லை. நடக்க முடியாதவர்களுக்காக. 1940-களில் அமெரிக்க மருத்துவர் ஹெர்மன் காபட், போலியோவாலும் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்ற நரம்பு நோயாலும் தசை பலவீனமானவர்களுக்குச் சிகிச்சையாக இதை உருவாக்கினார். பிசியோதெரபிஸ்ட் மார்கரெட் நாட் அவருடன் சேர்ந்து கைகளால் செய்து செய்து இதைச் செம்மைப்படுத்தினார். நாட்டும் டோரதி வாஸும் எழுதிய புத்தகம் 1956-ல் வந்தது.

அவர்களுடைய நோக்கம் பலவீனமான தசையை எழுப்புவது. கையையும் காலையும் குறுக்காக, சற்றே திருகியபடி நகர்த்தும் பயிற்சிகள்தான் அதில் முக்கியம். மைதானத்துக்கு வந்து சேர்ந்தது அதிலிருந்து ஒரு சிறு துண்டு மட்டும். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த நாளில் நோயாளியின் காலைப் பிடித்திருந்தது, எங்கே எவ்வளவு தடுக்க வேண்டும் என்று பழகிய ஒரு பிசியோதெரபிஸ்டின் கை. இன்று மைதானத்தில் பிடிப்பது பக்கத்து பெஞ்சு நண்பன். கண்டிப்பு தேவைப்படுவது அதனால்தான்.

கேள்வி: தசையை இறுக்கினால் தசைநாணில் உள்ள கோல்கி உணர்வி வேலை செய்து தசையைத் தளர்த்திவிடும், அதனால் கூடுதலாக நீளும் என்று படித்தேன். சரிதானா? (பிளஸ் டூ மாணவர், திருநெல்வேலி)

பாதி சரி. தசைநாணில் கோல்கி டெண்டன் ஆர்கன் என்ற உணர்வி இருக்கிறது, அது இழுவிசையை உணர்கிறது, இதில் சந்தேகமில்லை. இறுக்கம் கூடும்போது அது தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பி, அந்தத் தசையின் இறுக்கத்தைக் குறைக்கச் செய்கிறது என்பதுதான் பழைய விளக்கம். இதோடு இன்னொன்றையும் சேர்ப்பார்கள். முன்தொடை இறுகினால் பின்தொடை தானாக விட்டுக்கொடுக்கும் என்ற எதிர்த்தசை விதி அது. அதை விளக்கியவர் 1932-ல் நோபல் பெற்ற ஷெரிங்டன்.

சிக்கல் எங்கே என்றால், தசையை இறுக்கி விட்டபின் அந்தத் தணிப்பு ஓரிரு விநாடிக்குள் மறைந்துவிடுகிறது. ஆனால் கூடுதலாகக் கிடைத்த நீட்சியோ நிமிடக்கணக்கில் நிற்கிறது. மேலும், நீட்டும்போது தசையின் மின்னலைகளை அளந்து பார்த்தால், தசை ‘அமைதியாகிவிட்டது’ என்பதற்கான அடையாளம் பல சோதனைகளில் கிடைக்கவில்லை. ஆகவே இன்று பலரும் ஏற்கும் விளக்கம், நீட்சியைத் தாங்கிக்கொள்ளும் அளவு கூடுகிறது என்பதே. முன்பு 60 டிகிரியில் ‘போதும்’ என்று கத்திய அதே தசைக்கு இப்போது 66 டிகிரி வரை பரவாயில்லை என்று படுகிறது. தசையின் நீளம் ஒரே மதியத்தில் மாறிவிடுவதில்லை.

தேர்வில் என்ன எழுதுவது என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். பழைய விளக்கத்தை எழுதுங்கள். அதன் கீழே ‘அண்மை ஆய்வுகள் நீட்சியைத் தாங்கும் திறனையே முதன்மைக் காரணமாகக் கருதுகின்றன’ என்று ஒரு வரி சேருங்கள். மைதானத்தில் அந்தக் கடைசி வரியை மறக்காதீர்கள். தசை நீளவில்லை, வலி மணி அடிக்கும் இடம்தான் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்தவர், அந்த மணியை மிதித்துக்கொண்டு மேலே போகமாட்டார்.

கேள்வி: என் மாணவனுக்கு 17 வயது. 110 மீட்டர் தடை ஓட்டம் ஓடுகிறான். மல்லாந்து படுத்து வலது காலை நீட்டியபடி தூக்கினால் 60 டிகிரியோடு நின்றுவிடுகிறது. இடது கால் 75 வரை வருகிறது. அவனுக்குப் பி.என்.எஃப். எப்படிச் செய்வது? படிப்படியாகச் சொல்லுங்கள். (உடற்கல்வி ஆசிரியர், நாமக்கல்)

கையை வைப்பதற்கு முன் வாயால் கேளுங்கள். இரு காலுக்கும் 15 டிகிரி வித்தியாசம் சும்மா வராது. சமீபத்தில் அந்தத் தொடையில் பிடித்ததா, ஓடும்போது நின்றானா, முதுகு வலிக்கிறதா? ‘ஆமாம்’ என்றால் இதைச் செய்யாதீர்கள். முதலில் பிசியோதெரபிஸ்ட் பார்க்கட்டும். மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் மேலே படியுங்கள்.

நேரம், பயிற்சி முடிந்த பிறகு, உடம்பு சூடாக இருக்கும்போது. பயிற்சி இல்லாத நாளென்றால் பத்து நிமிடம் மெதுவாக ஓடிவிட்டு வரட்டும். பாயில் மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். இடது கால் நீண்டு தரையில் கிடக்க வேண்டும். நீங்கள் வலது பக்கம் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, ஒரு கையால் அவன் குதிகாலையும், மறு கையால் முழங்காலுக்குச் சற்று மேலே தொடையையும் பிடியுங்கள். முழங்கால் சில்லின் மேல் கை படக்கூடாது. அவன் பாதம் தளர்வாக இருக்கட்டும். விரல்களைத் தன் பக்கம் இழுக்க வேண்டாம்.

காலை மெதுவாகத் தூக்குங்கள். பின்தொடையின் நடுச்சதையில் ‘இழுக்கிறது’ என்று அவன் சொன்ன இடத்தில் நில்லுங்கள். பத்துக்கு மூன்று அல்லது நான்கு அளவு அசௌகரியம் போதும். அங்கேயே பத்து விநாடி.

இப்போது அவன் குதிகாலைத் தரையை நோக்கித் தள்ளட்டும், தன் பலத்தில் கால்வாசியோடு மட்டும். நீங்கள் சுவர். அவன் தள்ளும்போது கால் கீழேயும் வரக்கூடாது, நீங்கள் மேலேயும் தள்ளக்கூடாது. ஐந்து அல்லது ஆறு விநாடி. வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். எண்ணுகிறவன் மூச்சை அடக்க முடியாது. கால் நடுங்கினால் பலம் அதிகம் போகிறது என்று பொருள்.

‘விடு’ என்று சொல்லுங்கள். அவன் ஒரு மூச்சு முழுதாக வெளியே விடட்டும். அதன்பின் அவனே முன்தொடையை இறுக்கிக் காலைத் தன் பக்கம் தூக்க வேண்டும். உங்கள் கை பின்னால் போகிறது, அவ்வளவே. புதிதாக வந்த இடத்தில் பதினைந்து முதல் இருபது விநாடி நிறுத்துங்கள். இது ஒரு சுற்று. மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம்.

உங்கள் மாணவனுக்கு முதல் சுற்றில் 60 என்பது 66 ஆகலாம், இரண்டாவதில் 70, மூன்றாவதில் 71. கூடுதல் இப்படிக் குறைந்துகொண்டே வருவதுதான் ‘இன்றைக்குப் போதும்’ என்பதற்கான அடையாளம். மொபைலில் கோணம் காட்டும் ஆப் இருந்தால் கணுக்காலுக்கு மேல், முன்காலில் வைத்து அளக்கலாம்.

அளக்கும்போது இரண்டு பொய்க் கணக்குகளைக் கவனியுங்கள். தரையில் இருக்கும் இடது தொடை மேலே எழும்பினால், இடுப்பு உருள்கிறது, தசை நீளவில்லை. வலது முழங்கால் லேசாக மடங்கினால் ஐந்து, பத்து டிகிரி இனாமாகக் கிடைத்துவிடும். இரண்டையும் தடுத்துவிட்டு வருகிற எண் எதுவோ அதுதான் உண்மை. அது சின்னதாக இருந்தாலும் அதையே நோட்டில் எழுதுங்கள்.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், ஐந்தாறு வாரம். அதற்குப் பிறகும் 60-லேயே நின்றால் குறை நீட்சியில் இல்லை என்று எடுத்துக்கொண்டு வேறு காரணம் தேடுங்கள்.

கேள்வி: முழு பலத்தோடு தள்ளினால் இன்னும் நன்றாக நீளாதா? எங்கள் கோச் ‘இன்னும் தள்ளு, இன்னும் தள்ளு’ என்கிறார். (பிளஸ் ஒன் மாணவர், ஈரோடு)

நீளாது. 20 சதவீதம், 60 சதவீதம், 100 சதவீதம் என மூன்று அளவில் தள்ள வைத்து 2004-ல் ஃபெலாண்டும் மாரினும் பார்த்தார்கள். பின்தொடையில் கிடைத்த நீட்சி மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். பலன் ஒன்றே என்றால், ஆபத்து குறைந்ததை எடுப்பதுதானே கணக்கு?

ஆபத்து என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். தசை ஏற்கெனவே தன் எல்லை வரை நீண்டிருக்கிறது. அந்த நிலையில் முழு பலத்தோடு சுருங்கச் சொல்கிறோம். எதிரில் பிடித்திருப்பவர் அரை அங்குலம் மேலே தள்ளிவிட்டால், சுருங்கிக்கொண்டிருக்கும் தசை நீட்டப்படுகிறது. ஓடும்போது ஹாம்ஸ்ட்ரிங் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இதே சூழ்நிலையில்தான். உங்கள் கோச்சிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: ‘சார், கால்வாசி போதுமாம்.’

கேள்வி: மாவட்டப் போட்டியன்று காலை, ஓடுவதற்கு முன் செய்யலாமா? (பிளஸ் டூ மாணவி, தஞ்சாவூர்)

வேண்டாம். போட்டி வேகத்துக்கு அன்றைக்குத் தேவை துள்ளல். பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வந்த ஓர் ஆய்வுரையில், பி.என்.எஃப். செய்த சில நிமிடங்களில் வலிமை, குதித்தல் போன்ற சோதனைகளில் சராசரியாக 4 சதவீதம் அளவுக்குச் சரிவு தெரிந்தது. காலை வீசுவது, முழங்காலை உயர்த்தி ஓடுவது போன்ற அசைவு நீட்சிகளுக்குப் பின் சின்ன ஏற்றம் இருந்தது. போட்டி நாளில் பின்னதைச் செய்யுங்கள். பி.என்.எஃப்.புக்குப் பயிற்சி நாள்களின் மாலை இருக்கிறது.

கேள்வி: ஒருமுறை செய்தால் எவ்வளவு நேரம் நிற்கும்? (பிளஸ் டூ மாணவர், வேலூர்)

ஆறு நிமிடம். அமெரிக்க ராணுவப் பயிற்சி மாணவர்களிடம் நடத்தி 2001-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அமர்வில் கிடைத்த பின்தொடை நீட்சி அவ்வளவு நேரம்தான் நின்றது. எல்லோருக்கும் அதே ஆறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் மணிக்கணக்கு அல்ல என்பது நிச்சயம். வாரக்கணக்கில் விடாமல் செய்தால்தான் நிலைக்கிற மாற்றம் வரும்.

கேள்வி: வலித்தால்தான் பலன் என்கிறார்களே? (பிளஸ் ஒன் மாணவர், சேலம்)

இழுப்பு வேறு, வலி வேறு. இழுப்பில் பேச முடியும், மூச்சு சீராக வரும். முகம் சுளித்து, மூச்சு நின்று, தோள் தரையிலிருந்து எழும்பினால் அது வலி. அங்கே தசை தன்னைக் காக்க இறுகுகிறது. நீங்கள் செய்ய வந்த வேலைக்கு நேர் எதிர்.

கேள்வி: காலைத் தூக்கும்போது எனக்குத் தொடையில் இழுக்கவில்லை. கெண்டைக்காலிலும் பாதத்திலும் சுரீர் என்று மரத்துப்போகிறது. தசை ரொம்ப இறுக்கமா? (பிளஸ் டூ மாணவி, மதுரை)

அது தசையின் குரல் இல்லை, நரம்பின் குரலாக இருக்க வாய்ப்பு அதிகம். இடுப்பிலிருந்து இறங்கும் சயாட்டிக் நரம்பு பின்தொடை வழியாகத்தான் கீழே போகிறது. காலைத் தூக்கினால் அதுவும் இழுபடும்.

ஒரு சின்ன சோதனை உண்டு. காலைச் சுரீர் என்கிற இடத்துக்குச் சற்றுக் கீழே இறக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். இப்போது காலை அசைக்காமல் தலையை மட்டும் தூக்கி, தாடையை நெஞ்சின் பக்கம் கொண்டுவாருங்கள். பின்தொடைத் தசைக்கும் கழுத்துக்கும் எந்த ஒட்டும் கிடையாது. அப்படியிருந்தும் தலையைத் தூக்கியதும் காலில் உணர்வு கூடினால், இழுபடுவது நரம்பு என்று பொருள். நரம்பை இறுக்கி, தளர்த்தி, நீட்டுகிற வேலை நமக்கு வேண்டாம். காலை இறக்கிவிடுங்கள். சோதனையில் எதுவும் மாறாவிட்டாலும், மரத்துப்போவது தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் கோச் ஆண். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சொன்னால் ‘விளையாட்டில் இதெல்லாம் பார்க்கக் கூடாது’ என்பார்களோ என்று பயம். (பிளஸ் ஒன் மாணவி, விழுப்புரம்)

உங்கள் கூச்சத்துக்கு யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை, அம்மா. ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல் போதும். அதை ஏற்காதவர் உங்கள் காலைத் தொடத் தகுதியானவர் இல்லை. வீட்டில் அம்மாவிடமோ, நம்பும் ஆசிரியையிடமோ சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது.

இனி வழி. இந்தப் பயிற்சிக்கு இன்னொருவர் கை கட்டாயமே இல்லை. நீளமான ஒரு துண்டை எடுத்து உள்ளங்காலின் நடுவில் மாட்டி, இரு முனைகளையும் இரு கைகளால் பிடித்துக்கொண்டு படுங்கள். கால் நீட்டி உயர்த்தி, இழுப்பு வந்ததும் குதிகாலைக் கீழே அழுத்துங்கள், துண்டு தடுக்கும். ஆறு எண்ணி விட்டு, முன்தொடையால் காலைத் தூக்கி, துண்டின் தளர்ச்சியை மட்டும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். தடுப்பதும் நீங்கள், தள்ளுவதும் நீங்கள் என்பதால் எல்லை தாண்டுவது அரிது. கோச்சுகளுக்கும் என் சிபாரிசு இதுதான். முதலில் துண்டு. தோழி பிடிப்பது அதன் பிறகு. கோச் பிடிப்பது கடைசி. அதுவும் கேட்டுவிட்டு, நாலு பேர் பார்க்கும் இடத்தில்.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. ஸ்டார்ட் எடுத்து ஓடும்போது புட்டத்துக்குக் கீழே ‘டக்’ என்றது என்றான். இப்போது பெஞ்சில் உட்கார்ந்தால் வலி. ‘சதை பிடித்திருக்கிறது, நீட்டிவிட்டால் சரியாகும்’ என்கிறார்கள். செய்யலாமா? (ஒரு தாய், கோவை)

செய்யவே கூடாது. இன்றே எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பின்தொடைத் தசைகள் புறப்படும் இடம், நாம் உட்காரும்போது இருக்கையில் படும் அந்த எலும்பு முனை. வளரும் வயதில் அந்த முனை இடுப்பு எலும்போடு முழுதாக ஒட்டியிருக்காது. நடுவே வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கும். அது முழுக்க எலும்பாகி ஒட்டுவதற்கு இருபது வயதுகூடத் தாண்டலாம். பெரியவர்களுக்குத் தசை கிழிகிற விசையில், பதினாறு வயதுக்காரருக்குத் தசை அந்த எலும்பு முனையையே பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ‘டக்’ சத்தம், உட்கார்ந்தால் வலி, அந்த முனையைத் தொட்டால் வலி என்றால் அதைச் சந்தேகிக்க வேண்டும். எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதன்மேல் ஸ்ட்ரெச்சிங் செய்தால், விலகிய துண்டை இன்னும் விலக்குகிறோம்.

கோச்சுகள் இதை எழுதி அறையில் ஒட்டி வைத்தால்கூட நல்லது. பள்ளி வயதில் இழுப்பு சதையின் நடுவில் இருந்தால் தொடரலாம்; எலும்பு முனையில் இருந்தால் நிறுத்த வேண்டும். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் புடைத்து வலிக்கும் பிள்ளைகளுக்கு முன்தொடை பி.என்.எஃப். செய்யும்போதும், குதிகாலின் பின்னால் வலிக்கும் பிள்ளைகளுக்குக் கெண்டைக்கால் பி.என்.எஃப். செய்யும்போதும் இதே விதிதான்.

கேள்வி: நான் பரதம் ஆடுகிறேன். முழங்கை பின்பக்கம் வளையும், நின்றபடி உள்ளங்கை தரையில் படும். இன்னும் கூடுதலாக நீள இதைச் செய்யலாமா? (பிளஸ் டூ மாணவி, சென்னை)

உங்களுக்கு நீட்சி குறைவில்லை, பிடிமானம்தான் வேண்டும். இயல்பிலேயே மூட்டு தளர்வானவர்களுக்கு, நீட்டும்போது தசையை விட மூட்டைச் சுற்றிய நார்களே அதிகம் இழுபடும். அந்த நேரத்தை அரைமண்டியை நிதானமாகப் பிடித்து நிற்கிற வலுப் பயிற்சிக்குக் கொடுங்கள்.

கேள்வி: என் பி.டி. பீரியடில் 40 பேர். எல்லோரையும் ஜோடி ஜோடியாகப் பிரித்து ஒரே நேரத்தில் பி.என்.எஃப். செய்ய வைக்கலாமா? (உடற்கல்வி ஆசிரியை, காஞ்சிபுரம்)

கூடாது, டீச்சர். இருபது ஜோடியை ஒரு ஜோடிக் கண்ணால் பார்க்க முடியாது. ‘விடு’ என்றதும் எதிரில் இருப்பவன் விளையாட்டாக ஒரு தள்ளு தள்ளுவான். தளர்ந்த தசை திடீரென்று இழுபட்டால் அதற்குள் இருக்கும் மசில் ஸ்பிண்டில் உணர்வி உடனே அதைச் சுருங்கச் சொல்லும். நீட்டுகிற கை ஒரு பக்கம், சுருங்குகிற தசை மறுபக்கம். பிடித்துக்கொள்வது அந்த நொடியில்தான்.

முதல் இரண்டு வாரம் 40 பேரும் துண்டு வைத்துத் தனித்தனியாகப் பழகட்டும். பிறகு உண்மையிலேயே நீட்சி குறைவான, தடகளத்திலோ ஜிம்னாஸ்டிக்ஸிலோ இருக்கிற நான்கைந்து பேரை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒரு நேரத்தில் ஒரு ஜோடி என்று உங்கள் கண்முன் செய்ய வையுங்கள். படுத்திருப்பவர் ‘நிறுத்து’ என்றால் பிடித்திருப்பவர் காரணம் கேட்காமல் காலை இறக்க வேண்டும்; முதல் நாள் காலைத் தூக்குவதற்கு முன்பே இதை மட்டும் நாலைந்து தடவை ஒத்திகை பாருங்கள். மற்ற 35 பேருக்குச் சாதாரணமாக நீட்டி முப்பது விநாடி நிறுத்தும் ஸ்ட்ரெச்சிங் போதும். சில வாரங்கள் விடாமல் செய்தால் இரண்டுக்கும் கிடைக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை.